ஒரே படம்தானே, அழிச்சுவிடலாமா?

போனில இடம் நிரம்பினதும் "ஒரே மாதிரியான படங்கள் இருக்கு, அழிக்கவா?" என்று அது கேட்கும். நாங்களும் யோசிக்காமல் "ஓம்" என்று அமத்திவிடுவம். பிறந்தநாள் கேக் வெட்டேக்க எடுத்த பதினேழு படத்துக்கு அது சரிதான். ஆனால் எழுவான்கரை, படுவான்கரை என்று வாவிக்கு இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போய்ப் பழைய படங்கள் சேர்த்த பிறகு, அந்த "ஓம்" பட்டனில எங்களுக்குப் பயம் வந்துவிட்டது.

எங்கட நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுறம். ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கொம்பியூட்டருக்குக் குடுக்கலாம், குடுக்கத்தான் வேணும். அவற்றில் நல்ல பிரதி எது என்று தெரிவுசெய்யும் வேலையை அதனிடம் முழுதாக ஒப்படைக்கக் கூடாது. அழிக்கும் வேலையை ஒப்படைக்கவே கூடாது.

இது வெறும் உணர்ச்சிக் கதை இல்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரையோடு அல்பங்களும் போன வீடுகள் இங்க நிறைய. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கரையோரக் கிராமங்களில மிச்சம் கிடந்ததும் போயிற்று. இடையில போரும் இடப்பெயர்வும். அதனால ஒரு குடும்பத்தின் படம் இன்று அந்த வீட்டில இருக்கிறது குறைவு. மாமி வீட்டில ஒன்று, சுவிஸில இருக்கிற சித்தப்பாவிடம் ஒன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள்ள இருந்ததை யாரோ போனால எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பினது ஒன்று. நாங்கள் நாலாயிரம் படமளவில் சேர்த்தம். ஒரே கூத்து அரங்கேற்றப் படம் நாலு வீட்டிலிருந்து நாலு விதமாக வந்து சேர்ந்தது. கண்ணால பாத்துப் பிரிக்க ஒரு தவணை முழுக்கப் போதாது. அதனாலதான் மென்பொருள் வழியைத் தேடினம்.

முதல்ல செய்யிறது சுகமான வேலை. பைட்டுக்குப் பைட்டு ஒத்த கோப்புகளை எந்த மென்பொருளும் பிடிக்கும். ஆனால் எங்களிட்ட இருந்த பிரதிகளில அது கொஞ்சத்தைத்தான் பிடித்தது. காரணம், வழமையான முறையில ஒரு படத்தை வட்ஸ்அப்பில அனுப்பினால் அது படத்தைச் சிறிதாக்கித் திரும்பவும் அமுக்கிச் சேமிக்கும். எடுத்த நேரம், கமரா போன்ற உள்விபரங்களும் கழன்றுவிடும். கண்ணுக்கு அதே படம், கோப்பு முற்றிலும் வேறு. ஆகவே கோப்பை விட்டுப் படத்தின் தோற்றத்தை ஒப்பிட வேணும்.

அதுக்கு நாங்கள் முதலில் எடுத்தது டிஹாஷ் என்ற முறை. 2013 இல் நீல் கிராவெட்ஸ் எழுதின வலைக்கட்டுரையால பரவலானது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலம் 9 புள்ளி, உயரம் 8 புள்ளி என்று சுருக்கிவிடும். அந்த அளவில முகமும் தெரியாது, உடுப்பும் தெரியாது, வெளிச்சம் எங்க கூடுது, எங்க குறையுது என்பது மட்டும் மிஞ்சும். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் வலப்பக்கப் புள்ளி இடப்பக்கத்தைவிட வெளிச்சமென்றால் 1, இல்லாவிட்டால் 0. ஒரு வரிசைக்கு எட்டு விடை, எட்டு வரிசைக்கு 64 விடை. அந்த 64 இலக்கம்தான் படத்தின் கைரேகை.

ஒரு வரிசையை எடுத்துப் பாருங்க. 210, 208, 207, 90, 85, 140, 150, 152, 149 என்று ஒன்பது புள்ளிகள். இதன் கைரேகை 00001110. இதே படத்தை வட்ஸ்அப் அமுக்கினதும் எண்கள் 209, 208, 207, 92, 86, 141, 149, 152, 150 என்று கொஞ்சம் ஆடும். கைரேகை அதே 00001110. யாராவது படத்துக்கு வெளிச்சம் கூட்டி எல்லாப் புள்ளியிலும் 20 ஏற்றினாலும் அதேதான், ஏனென்றால் நாங்கள் பார்க்கிறது அளவை இல்லை, எது பெரிது என்பதை. இரண்டு படத்தின் கைரேகைகளையும் பக்கத்தில வைத்து எத்தனை இடத்தில வித்தியாசம் என்று எண்ணினால் அதுதான் தூரம். தூரம் 0 என்றால் கிட்டத்தட்ட நிச்சயம் ஒரே படம். 10க்கு மேல போனால் பெரும்பாலும் வேறு படம். இடையில கிடக்கிறதுதான் தலையிடி.

பைதானில `imagehash` என்ற நூலகம் இருந்தால் இவ்வளவுதான் வேலை:

```python
from PIL import Image, ImageOps
import imagehash

def kairegai(path):
    im = ImageOps.exif_transpose(Image.open(path))
    return imagehash.dhash(im)

print(kairegai("a.jpg") - kairegai("b.jpg"))  # தூரம்
```

`exif_transpose` என்ற சொல்லை விட்டுவிடாதீங்க. போனைச் சரித்து எடுத்த படம் கோப்புக்குள்ள படுத்துத்தான் கிடக்கும். நிமிர்த்திக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கூட இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் அதே படத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றையொன்று தெரியாத மாதிரி நிற்கும். எங்களுக்கு முதல் நாள் அப்படித்தான் நடந்தது.

இந்த வழி கூத்துப் படங்களிலயும் கலியாணப் படங்களிலயும் அழகாக வேலை செய்தது. சறுக்கினது எங்க தெரியுமா? எங்கட வாவியில.

வாவிப் படத்தின் அமைப்பை யோசிச்சுப் பாருங்க. மேல் பாதி வானம், கீழ் பாதி தண்ணி, நடுவில ஒரு கோடு, கோட்டில எங்கயாவது ஒரு தோணி. வானத்தில் ஒரு வரிசை 221, 221, 222, 221, 221, 222, 222, 221, 221 என்று கிடக்கும். கைரேகை 01001000. அதே படம் அமுக்குப்பட்டு வரேக்க 221, 222, 221, 221, 222, 221, 221, 221, 222 என்று மாறினால் கைரேகை 10010001. எட்டில் ஐந்து இடம் வித்தியாசம். ஒரே படம், ஒரே வானம். புள்ளிகளுக்கிடையில உண்மையான வித்தியாசம் இல்லாத இடத்தில "எது பெரிது" என்ற கேள்வியே அர்த்தமில்லை. பதில் அமுக்கத்தின் இரைச்சலிலிருந்து வருகிறது. அதனால ஒரே வாவிப் படத்தின் பிரதிகள் தனித்தனியாகச் சிதறின.

சரி, வேற முறைக்குப் போவமென்று ஏஹாஷை எடுத்தம். அது படத்தை 8க்கு 8 ஆகச் சுருக்கி, முழுப் படத்தின் சராசரியைவிட வெளிச்சமான புள்ளிக்கு 1, இருட்டுக்கு 0 போடும். இப்ப நேர் எதிரான பிழை. வானம் முழுக்க 1, தண்ணி முழுக்க 0. கல்லடிப் பாலத்தடியில எடுத்ததும், மண்முனையில எடுத்ததும், வேற யாரோ வேற வருஷம் எடுத்ததும் எல்லாம் ஒரே கைரேகை. தொடுவானம் நடுவில இருந்தால் அது `ffffffff00000000` என்றுதான் திரையில வரும். இதே இலக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கினது. ஒரு முறை ஒரே படத்தைப் பிரித்துவைக்குது, மற்றது வெவ்வேறு படங்களை ஒன்றாக்குது.

இதிலிருந்து நாங்கள் எடுத்த பாடம்: கைரேகையை நம்புறதுக்கு முதல் அந்தப் படத்தில கைரேகை எடுக்க ஏதாவது இருக்கா என்று கேளுங்க. 9க்கு 8 ஆகச் சுருக்கின படத்தில, பக்கத்துப் புள்ளிகளுக்கிடையில 2க்குக் குறைவான வித்தியாசம் உள்ள சோடிகள் எத்தனை என்று எண்ணினம். பாதிக்கு மேல இருந்தால் அந்தப் படம் தானாக எந்தக் குழுவிலும் சேராது. "கண்ணால பாக்க" என்ற கோப்புறைக்குப் போகும். வாவி, கடற்கரை, பனிமூட்டம் எல்லாம் அங்க போய்ச் சேர்ந்தது. வேலை கொஞ்சம் கூடினது, ஆனால் பிழை எங்க வரும் என்று தெரிந்துகொண்டம்.

அடுத்த சிக்கல் சங்கிலி. ஒருவர் தோணியில நின்று வலை வீசுறதை யாரோ தொடர்ச்சியாக இருபது படம் எடுத்திருந்தார். முதல் படத்தில வலை கையில, கடைசிப் படத்தில வலை தண்ணியில. முதலாவதும் இரண்டாவதும் தூரம் 3, இரண்டாவதும் மூன்றாவதும் தூரம் 4, இப்படியே போகும். "அ"வுக்கு "ஆ" கிட்ட, "ஆ"வுக்கு "இ" கிட்ட, ஆகவே எல்லாரும் ஒரு குடும்பம் என்று மென்பொருள் இருபதையும் ஒரே குழுவாக்கிற்று. ஆனால் முதலாவதுக்கும் கடைசிக்கும் தூரம் 20க்கு மேல. அதில ஒன்றை மட்டும் வைத்து மிச்சத்தை எறிந்திருந்தால், வலை விரியிற அழகு முழுதும் போயிருக்கும். இதுக்கு மருந்து சுகம். புதிதாக வாற படத்தைக் குழுவில யாராவது ஒருவரோடு ஒப்பிடாமல், குழுவில உள்ள எல்லாரோடும் ஒப்பிடுங்க. எல்லாரோடும் கிட்ட இருந்தால் மட்டும் உள்ள விடுங்க. குழுக்கள் சின்னதாகும், ஆனால் நேர்மையாக இருக்கும்.

இவ்வளவும் குழுவாக்குற கதை. எங்களுக்கு உண்மையான அடி விழுந்தது "நல்ல பிரதி" என்ற இடத்தில.

முன்னம் சொன்ன அந்தக் கூத்து அரங்கேற்றப் படம். படுவான்கரைக் கிராமமொன்றில் எடுத்தது, வில்லுடுப்போடு கூத்தர்கள் இரண்டு வரிசையில நிற்கினம். நாலு பிரதி. முதலாவது வட்ஸ்அப்பில வந்தது, நீளப் பக்கம் 1600 புள்ளி. இரண்டாவது சுவரில தொங்கின சட்டத்தைப் போனால எடுத்தது, 4000 புள்ளி, ஆனால் கண்ணாடியில ஜன்னல் வெளிச்சம் விழுந்து ஒரு மூலை வெள்ளை. மூன்றாவது யாரோ ஒரு "தெளிவாக்கும்" ஆப்பில போட்டுக் கூர்மையாக்கினது. நாலாவது சின்னது, மங்கல், 900 புள்ளிதான், ஆனால் படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் முழுதாக இருக்கு. அந்த ஓரத்தில ஸ்ரூடியோ முத்திரை, கீழ மையால எழுதின மாதமும் வருஷமும்.

எங்கட நிரல் என்ன செய்தது? கூர்மை அதிகமான பிரதியை எடு என்று சொல்லியிருந்தம். கூர்மையை அளக்க எல்லாரும் பாவிக்கிற வழி லாப்லாசியன் மாறுபாடு: ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து எவ்வளவு திடீரென்று மாறுது என்று கணக்கிட்டு, அந்த மாற்றங்கள் எவ்வளவு பரந்து கிடக்கு என்று பார்க்கிறது. விளிம்புகள் வெட்டுவெட்டாக இருந்தால் எண் பெரிதாக வரும். ஆனால் அந்தக் கணக்குக்குக் கண்புருவமும் ஒன்றுதான், கீறலும் ஒன்றுதான், தூசியும் ஒன்றுதான். ஆப் தானாகக் கீறின கோடும் ஒன்றுதான். ஆகவே மூன்றாவது பிரதி வென்றது. நாங்களும் அதை அச்செடுத்துக் கிராமத்துக்குக் கொண்டுபோனம்.

அங்க ஒரு அம்மா. பின்வரிசையில இடமிருந்து மூன்றாவதாக நிற்கிறவர் அவட மகன். போர்க்காலத்தில வீட்டை விட்டுப் போனவர், இன்னும் வரேல்ல. அவவிட்ட அவர்ட படம் வேற ஒன்றும் இல்லை. அச்சைக் கையில வாங்கினவ கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சு நெடுநேரம் பார்த்தா.

"மனே, இது என்ட புள்ள இல்ல" என்றா.

"அம்மா, அதே படம்தான். மூன்றாவது ஆள்" என்றம்.

"உடுப்பு அவன்ட. நிக்கிற நிலையும் அவன்ட. முகம் ஆரோ."

அவ சொன்னது சரி. அந்தச் சின்ன முகத்துக்குப் படத்தில பதினைந்து இருபது புள்ளி அகலம்தான் இருந்தது. ஆப் இல்லாத கண்ணையும் இல்லாத வாயையும் பொதுவான ஒரு முகத்திலிருந்து நிரப்பியிருக்கு. டிஹாஷுக்கு அது தெரியாது, 9க்கு 8 புள்ளியில முகமே இல்லை. மூலப்படத்துக்கும் இதுக்கும் தூரம் 2. கூர்மைக் கணக்குக்கும் தெரியாது, அது கூர்மைக்குப் பரிசு குடுத்திருக்கு. கணக்கெல்லாம் சரி, ஆள் மாறிற்றார்.

அவ "இதுதான்" என்று கைகாட்டினது பிறகு நாங்கள் கொண்டுபோன நாலாவது பிரதியை. மங்கல், ஆனால் அவர்தான். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பிரதி எங்கட குழுவிலயே இருக்கேல்ல. வெள்ளை ஓரம் இருந்ததால சுருக்கேக்க எல்லாப் புள்ளியும் இடம் மாறி, தூரம் 17 ஆகிற்று. மென்பொருள் அதை வேறு படம் என்று தனியே விட்டிருந்தது. அழிக்கிற கட்டளையையும் அன்றைக்கே ஓட்டியிருந்தால், குழுவில இருந்த வட்ஸ்அப் பிரதியும் சட்டத்துப் பிரதியும் போயிருக்கும். நாலாவது தப்பியிருக்கும், அதுவும் கணக்கு பிழைச்ச புண்ணியத்தில. ஒரு தாய்ட ஒரேயொரு படம் தப்புறதுக்கு அது சரியான காரணம் இல்லை.

அதுக்குப் பிறகு "நல்ல பிரதி" என்பதுக்கு எங்கட ஒழுங்கை மாற்றினம். முதல் கேள்வி, எந்தப் பிரதியில மூலப்படம் முழுதாக இருக்கு? ஓரம், முத்திரை, கையெழுத்து, பின்பக்கம் எல்லாம் படத்தின் பகுதிதான். இரண்டாவது, எது ஆகக் குறைந்த கைமாறினது? நேரே ஸ்கான் செய்தது, பிறகு போனால எடுத்தது, பிறகு அனுப்பி வந்தது, கடைசியாக ஆப்பில மாற்றினது. மாற்றின பிரதி எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது முதலிடத்துக்கு வரவே கூடாது. இந்த இரண்டு கேள்விக்கும் மனிசர்தான் பதில் சொல்ல வேணும். பிறகுதான் புள்ளி எண்ணிக்கை, அதுக்கும் பிறகுதான் கூர்மை. கூர்மையை அளக்க முதல் எல்லாப் பிரதியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரவும் வேணும். 900 புள்ளிப் படத்தையும் 4000 புள்ளிப் படத்தையும் அப்படியே ஒப்பிட்டால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

ஓரம் வெட்டின பிரதிகளையும் கோணலாக எடுத்ததையும் பிடிக்க வேற வழி இருக்கு. ஓப்பன்சிவியில உள்ள ஓஆர்பி போன்ற முறைகள் முழுப் படத்தையும் சுருக்காமல், முடி நுனி, உடுப்பின் மூலை போன்ற தனித்தனிப் புள்ளிகளை இரண்டு படத்திலயும் தேடிப் பொருத்தும். மெதுவானது, ஆனால் ஓரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருத்தம் கிடைக்கும். எல்லாப் படத்துக்கும் ஓட்டத் தேவையில்லை. டிஹாஷ் தூரம் 10க்கும் 20க்கும் இடையில கிடக்கிற சோடிகளுக்கு மட்டும் ஓட்டினால் போதும். எங்கட நாலாவது பிரதி அப்படித்தான் தன்ட குடும்பத்தோட சேர்ந்தது.

"சரி, பிரதிகளை வைத்திருந்து என்ன செய்யப்போறீங்க? இடம் பிடிக்கும்தானே?" என்று எங்கட நண்பர்களே கேட்டவை. கணக்குப் பார்ப்பம். வட்ஸ்அப்பில வாற படம் ஒன்று கால் மெகாபைட் என்று வைத்தால், நாலாயிரமும் ஒரு ஜிகாபைட். போனால நேரே எடுத்த பெரிய படங்கள் கலந்திருந்தால் சில ஜிகாபைட். ஒரு சாதாரண பென் டிரைவுக்குள்ள எல்லாம் அடங்கும். ஒரு மணி நேரம் எடுத்த கலியாண வீடியோ இதைவிடக் கூட இடம் பிடிக்கும். எங்களுக்குக் குறைக்க வேண்டியிருந்தது கோப்புகளை இல்லை, எங்கட கண்ணுக்கு முன்னால நிற்கிற படங்களை. அதுக்கு அழிக்கத் தேவையில்லை, ஒதுக்கி வைத்தால் போதும்.

ஆகவே இப்ப ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோப்புறை. தெரிவான பிரதி முன்னுக்கு, மற்றதெல்லாம் அதுக்குள்ள "பிரதிகள்" என்ற கோப்புறையில. கூட ஒரு விரிதாள்: எந்தப் படம் எந்த வீட்டிலிருந்து வந்தது, தூரம் எவ்வளவு, எதைத் தெரிவுசெய்தம், யார் செய்தது, ஏன். கடைசி இரண்டு நிரலையும் எங்களில ஒருத்தர் கையால நிரப்ப வேணும். அதை வெறுமையாக விட்டால் அந்தக் குழு முடிந்ததாகக் கணக்கில்லை.

இதை வாசிக்கிற நீங்களும் வீட்டுப் படங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினால், மென்பொருளின் அழிக்கும் பட்டனைத் தொடாமல் "வேறு கோப்புறைக்கு நகர்த்து" என்பதைத் தெரிவுசெய்யுங்க. டூப்குரு போன்ற இலவச மென்பொருள்களில அந்த வசதி இருக்கு. நகர்த்தின பிறகு, குழுக்களைத் திறந்து அம்மம்மாவைப் பக்கத்தில இருத்திப் பாருங்க. எங்கட விரிதாளில அந்தக் கூத்துப் படத்துக்கு நேரே "ஏன்" என்ற இடத்தில எழுதியிருக்கிறது ஒரு வரிதான்: "தாய் அடையாளம் கண்ட பிரதி."